படம் வராத பிஎஸ்5-ஐ கம்பெனிக்கு அனுப்பணும், பையனுடைய சேவ் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது

மாரண்டஹள்ளி_முரளி · திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகள் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் உருண்ட பந்தை எடுக்கப் போனவள், கேபிள் தடுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்சோலும் கீழே விழவில்லை. ஆனால் எச்டிஎம்ஐ கேபிள் பக்கவாட்டில் இழுபட்டுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், துளைக்குள்ளே நாக்கு மாதிரி இருக்கிற இடத்தில் இரண்டு பின் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

ஆன் செய்தால் பீப் வருகிறது, நீல விளக்கு எரிந்து வெள்ளைக்கு மாறி அப்படியே நிற்கிறது. டிவியில் மட்டும் No Signal. கேபிளை மாற்றியும் பார்த்தாயிற்று, பக்கத்து வீட்டு டிவியிலும் பார்த்தாயிற்று.

வாங்கி எட்டு மாதம், பில் இருக்கிறது. கம்பெனிக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவு. பிரச்சினை என் பையன். கிரிக்கெட் விளையாட்டில் ஆறு சீசனாக ஒரு பேட்ஸ்மேனை வளர்த்து வைத்திருக்கிறான், அது போனால் இந்த வருடம் பத்தாம் வகுப்பு எழுதமாட்டேன் என்கிறான். பென்டிரைவில் சேவ்-ஐக் காப்பி எடுத்துக்கொண்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன். திரை இல்லாமல் அதை எப்படிச் செய்வது? பாலக்கோடு, தர்மபுரிப் பக்கம் யாராவது அனுப்பியிருந்தால் எத்தனை நாள் ஆனது என்றும் சொல்லுங்கள்.

நாலுரோடு_கார்த்தி · திங்கள், இரவு 10:05

ப்ரோ, இதுக்குப் போய் கம்பெனியா? சேஃப் மோடுக்குப் போனால் படம் வந்துவிடும். அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கிற வரை, ஒரு ஏழு விநாடி, அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை ஒயரில் மாட்டுங்கள். Change Video Output கொடுத்தால் முடிந்தது. எனக்கு இதே No Signal வந்து இப்படித்தான் சரியானது.

அரூர்_செல்வி · திங்கள், இரவு 10:31

மெமரி கார்டை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள் சார், எல்லாம் அதில்தான் இருக்கும். என் தம்பி துபாயில் இருந்து வாங்கி வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு அப்படித்தான் செய்தோம். அதற்கு இங்கே கம்பெனி சர்வீஸே இல்லை என்பது வேறு கதை. கடைசியில் தம்பி லீவு முடிந்து போகும்போது கையோடு துபாய்க்கே கொண்டுபோனான்.

ராயக்கோட்டை_தேவகி · செவ்வாய், காலை 7:15

முரளி அண்ணா, நான் பெங்களூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் பொருளை வாங்கிப் பதிவு செய்கிற மேசையில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது ஓசூரில் வேறு வேலை. உங்களை மாதிரி எத்தனையோ பேரை அந்த மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் அங்கே வந்து நின்ற பிறகுதான் சேவ் பற்றி யோசிப்பார்கள். நீங்கள் முன்னாடியே யோசித்தது நல்லது.

முதலில் பென்டிரைவ் திட்டத்தை விட்டுவிடுங்கள். பிஎஸ்5-இல் பிஎஸ்4 விளையாட்டு ஆடினால் அதன் சேவ்-ஐ மட்டும் யூஎஸ்பிக்குக் காப்பி எடுக்கலாம். பிஎஸ்5 விளையாட்டின் சேவ்-ஐத் தனியாக யூஎஸ்பிக்கு எடுக்க வழியே வைக்கவில்லை. அதற்கு இரண்டு கதவு உண்டு. ஒன்று பிஎஸ் பிளஸ் சந்தா கட்டி கிளவுடில் ஏற்றுவது. இன்னொன்று மொத்தக் கன்சோலையும் யூஎஸ்பி டிரைவுக்கு முழு பேக்கப் எடுப்பது.

கார்த்தி தம்பி சொன்னது பாதி சரி. டிவிக்கு ஒத்துவராத ரெசல்யூஷன் மாட்டிக்கொண்டால் அது சரியாக வரும். அவருக்கு வந்தது அதுவாகத்தான் இருக்கும். பின் வளைந்திருந்தால் சேஃப் மோடும் அதே துளை வழியாகத்தானே வெளியே வரணும்? இருந்தாலும் ஒரு தடவை செய்து பாருங்கள், வைத்தியமாக இல்லை, சோதனையாக. சேஃப் மோடிலும் படம் இல்லை என்றால் துளையோ அதற்குப் பின்னால் இருக்கிற எச்டிஎம்ஐ ஐசியோ போய்விட்டது, செட்டிங்ஸில் தப்பு இல்லை என்று உறுதியாகும்.

செல்வி, உங்கள் ஸ்விட்ச்சிலும் கார்டில் இருப்பது விளையாட்டும் படங்களும்தான். சேவ் எப்போதும் உள் மெமரியில்தான் இருக்கும். தம்பி திரும்ப வாங்கியபோது சேவ் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பிஎஸ்5-இலும் அப்படியே. முரளி அண்ணா தனியாக எம்.2 எஸ்எஸ்டி போட்டிருந்தால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளணும், ஆனால் அதில் சேவ் கிடையாது, விளையாட்டு மட்டும்தான். உள்ளே இருக்கிற சேமிப்பு சிப்புகள் மெயின் போர்டிலேயே பற்றவைத்தவை. போர்டை மாற்றினால் பழைய போர்டோடு பையனுடைய பேட்ஸ்மேனும் போய்விடுவான்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பையன் எப்போதாவது போனில் இந்தக் கன்சோலை ஆடியிருக்கிறானா? Remote Play?

மாரண்டஹள்ளி_முரளி · செவ்வாய், மதியம் 1:20

சேஃப் மோடிலும் படம் இல்லை. இரண்டு பீப் நன்றாகக் கேட்டது.

பையனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம் அவன் அம்மா சொன்னாள், ராத்திரி போர்வைக்குள்ளே போனில் ஆடுவான் என்று. எனக்கு இது புதுச் செய்தி.

ராயக்கோட்டை_தேவகி · செவ்வாய், மதியம் 2:02

திட்டாதீர்கள் அண்ணா, அந்தப் போர்வைதான் இப்போது உங்களைக் காப்பாற்றுகிறது. Remote Play ஏற்கெனவே ஆன் செய்திருந்தால், டிவியே இல்லாவிட்டாலும் கன்சோலின் திரை வைஃபை வழியாகப் போனுக்கு வரும். எச்டிஎம்ஐ துளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கன்சோலை ஆன் செய்து வெள்ளை விளக்கு வரட்டும். பையனுடைய போனில், அவன் கணக்கிலேயே, PS Remote Play செயலியைத் திறந்து இணையுங்கள். திரை வந்ததும் உடனே எதையும் தொடாமல் முதலில் அவன் கணக்குக்கு பிஎஸ் பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கில் பிளஸ் இருந்தால் அதே கன்சோலில் அவனும் ஆன்லைனில் ஆடலாம். ஆனால் கிளவுட் சேமிப்பு அப்படிப் பகிராது. சேவ் யார் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்குக்கே பிளஸ் இருக்கணும். மலிவான Essential ஒரு மாதம் போதும்.

அப்புறம் இந்த வழியாகப் போங்கள்:

```
Settings > Saved Data and Game/App Settings
> Saved Data (PS5) > Console Storage
> Upload to Cloud Storage
```

பிஎஸ்4 விளையாட்டு இருந்தால் Saved Data (PS4) என்று பக்கத்திலேயே இருக்கும், அதில் யூஎஸ்பிக்குக் காப்பி எடுக்கிற வழியும் இருக்கும். சந்தா கட்டினால் தானாகவே ஏறிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கையால் ஏற்றுங்கள்.

காவேரிப்பட்டணம்_ஷாகுல் · செவ்வாய், மாலை 6:48

அக்கா, Remote Play வழியாகவே முழு பேக்கப் எடுத்துவிட்டால் சந்தா காசு மிச்சம்தானே? Back Up and Restore அங்கேதான் இருக்கிறது.

ராயக்கோட்டை_தேவகி · செவ்வாய், இரவு 8:10

பேக்கப் தொடங்கும்போது கன்சோல் ரீஸ்டார்ட் ஆகும், ஷாகுல். அந்த நொடியே போன் இணைப்பு அறுந்துவிடும். அதன் பிறகு உள்ளே ஓடுகிறதா, பாதியில் நின்று ஏதாவது கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. இருட்டில் விட்டு எடுத்ததாகச் சொன்னவர்களும் உண்டு. கூடுதல் காப்பியாக முயற்சி செய்யலாம், அதை மட்டும் நம்பி அனுப்பமாட்டேன். இன்னொன்று, டிராபிகள் அந்த பேக்கப்பில் சேராது, அவற்றை முதலில் சர்வரோடு ஒத்திசைக்கணும். அதைத் திரும்ப ஏற்றும்போது கன்சோலில் அப்போது இருக்கிற எல்லாம் அழிந்துவிட்டுத்தான் ஏறும், அதையும் மனதில் வையுங்கள்.

நாலுரோடு_கார்த்தி · செவ்வாய், இரவு 9:33

இவ்வளவு சுற்று எதுக்கு? மைக்ரோ சோல்டரிங் தெரிந்த பையன்கள் இப்போது சேலத்திலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். துளையை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். போர்டு அதே போர்டு, சேவ் அப்படியே இருக்கும். கம்பெனிக்குப் போனால் பின் வளைந்ததைப் பார்த்ததும் வாரன்டி இல்லை என்பார்கள், காசும் கேட்பார்கள், சேவும் போகும்.

ராயக்கோட்டை_தேவகி · செவ்வாய், இரவு 9:58

இதில் கார்த்தி சொல்வதை மறுக்க முடியாது. பின் வளைந்தால் அது பொருளின் குறை இல்லை, கைச் சேதம். ஒரு வருட வாரன்டிக்குள் வராது, காசு கொடுத்துத்தான் சரிசெய்யணும். நான் இருந்த இடத்தில் துளையை மட்டும் மாற்றும் வேலை கிடையாது, போர்டோடு மாற்றுவார்கள், சில சமயம் கன்சோலையே மாற்றிக் கொடுப்பார்கள். சேவ் ஒன்றுதான் முக்கியம் என்றால் வெளியே சோல்டரிங் செய்பவரிடம் போவது நியாயமான வழிதான்.

ஆனால் சூடு கூடிப்போய் போர்டில் இருக்கிற செப்புத் தடம் உரிந்துவந்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே திறந்து இப்படி ஆன கன்சோலை அப்புறம் எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தால் வாங்கமாட்டோம். அந்தக் கடைக்காரர் மைக்ரோஸ்கோப் வைத்து வேலை செய்கிறாரா, இதே வேலையைச் செய்த போர்டின் படம் காட்டுகிறாரா என்று கேளுங்கள். காட்டினால் யோசிக்கலாம்.

மாரண்டஹள்ளி_முரளி · வியாழன், இரவு 10:50

இரண்டு நாளாக மண்டியில் தக்காளி வரத்து அதிகம், எழுத நேரமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போனில் திரை வந்துவிட்டது! பையன் கூரை இடிகிற மாதிரி கத்தினான். ஆனால் சந்தா வாங்கப் போனால் வாங்க முடியவில்லை. அவனுடையது சிறுவர் கணக்கு, நான் குடும்ப மேலாளர். மாதச் செலவு வரம்பு பூஜ்யமாக இருந்தது. அதை என் கணக்கில் போய் ஏற்றி, என் வாலட்டில் பணம் போட்ட பிறகுதான் வாங்க விட்டது. இதற்கே ஒரு மணி நேரம் போனது.

எல்லா சேவ்-ஐயும் தேர்ந்தெடுத்து ஏற்றினேன். கிளவுட் பட்டியலில் நேற்றுத் தேதியோடு வரிசையாகத் தெரிகிறது. இது போதுமா? கம்பெனியிலேயே கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன், கார்த்தி மன்னிக்கணும்.

ராயக்கோட்டை_தேவகி · வெள்ளி, காலை 6:55

பட்டியலில் தெரிவது நல்லது. ஆடிப் பார்த்தால்தான் உறுதி. தெரிந்தவர் யாரிடமாவது பிஎஸ்5 இருந்தால் பையன் அங்கே உள்நுழைந்து, அந்தக் கிரிக்கெட் சேவ்-ஐ இறக்கி, ஒரு ஓவர் ஆடிப் பார்க்கட்டும். உள்நுழையும்போது Console Sharing and Offline Play ஆன் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லணும். முடிந்ததும் அங்கிருந்து கணக்கை நீக்கிவிடணும்.

அடுத்தது, உள்ளே இருக்கிற தகவல். கன்சோலில் கணக்கு உள்நுழைந்தே இருக்கிறது, பையன் பதிவு செய்த வீடியோக்கள், சாட் எல்லாம் இருக்கின்றன. சோதனை செய்பவர் துருவிப் பார்க்கப் போகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கன்சோல் உங்களுக்குத் திரும்பி வராமல் வேறு ஒன்று வரலாம் இல்லையா? கணக்கு மேலாண்மை வலைத்தளத்தில் கார்டு விவரத்தை நீக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். எல்லாக் கருவிகளையும் செயலிழக்கச் செய்கிற பட்டனும் அங்கே இருக்கும், ஆனால் அதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் அழுத்தலாம். Remote Play இருப்பதால் கன்சோல்வழியாகவே Console Sharing-ஐ Disable செய்துவிடுங்கள், அந்த வாய்ப்பு மிச்சமிருக்கும்.

சர்வீஸ் ஆள் யார் கேட்டாலும் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். படம் வருகிறதா என்று பார்க்க யாருடைய கணக்கும் தேவையில்லை.

காவேரிப்பட்டணம்_ஷாகுல் · வெள்ளி, காலை 9:12

அப்படியே ரீசெட்டும் செய்துவிட்டு அனுப்பலாமே அக்கா?

பென்னாகரம்_சங்கர் · வெள்ளி, காலை 9:40

செய்யக்கூடாது. ரீசெட் செய்த பிறகு Remote Play போய்விடும், கன்சோல் ஆரம்பத் திரையில் நிற்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. எஸ்டிமேட் அதிகமாக இருந்து வேண்டாம் என்று திரும்ப வாங்கினால் கையில் ஒன்றுமே இருக்காது.

ராயக்கோட்டை_தேவகி · வெள்ளி, காலை 11:30

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் மேசையில் ரீசெட் செய்துவிட்டுக் கொண்டுவரச் சொல்வோம், ஆனால் படம் வருகிற கன்சோலுக்கு. சேவ் இன்னொரு கன்சோலில் திறந்துவிட்டது என்றால் நான் ரீசெட் செய்வேன். திறந்து பார்க்கவில்லை என்றால் கை வைக்கமாட்டேன். உங்கள் விருப்பம் அண்ணா.

அரூர்_செல்வி · வெள்ளி, மதியம் 12:15

தேவகி, தம்பியைக் கேட்டேன். சேவ் போய்விட்டதாம். எங்களிடம் சொல்லவே இல்லை பாவி.

மாரண்டஹள்ளி_முரளி · வெள்ளி, இரவு 9:20

கிருஷ்ணகிரியில் சித்தப்பா பையனிடம் இருக்கிறது, நாளைக்குப் போகிறோம். அனுப்புவது எப்படி? பெங்களூருக்குப் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால் சாயங்காலமே போய்விடும், தக்காளி சாம்பிள் எல்லாம் அப்படித்தான் அனுப்புகிறோம்.

பென்னாகரம்_சங்கர் · வெள்ளி, இரவு 10:02

தக்காளி நசுங்கினால் இன்னொரு கூடை அனுப்பலாம் முரளி. பஸ்ஸில் ரசீது கிடையாது, காணோம் என்றால் கேட்க ஆளில்லை.

நான் போன வருடம் ஒரு கூரியரில் ஆம்ப்ளிஃபயர் அனுப்பி மூலை நசுங்கி வந்தது. மதிப்பு எழுதவில்லை, இன்சூரன்ஸும் போடவில்லை, கடைசியில் கூரியர் கட்டணத்தை மட்டும் திரும்பத் தந்தார்கள். அதனால் பில் நகல் கொடுத்து, மதிப்பு எழுதி, டிரான்சிட் இன்சூரன்ஸ் போடுங்கள். விற்பனைக்கு இல்லை, பயன்படுத்திய பொருள், பழுதுபார்க்க அனுப்புகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இணையுங்கள்.

கட்டணம் எடைக்கு வராது, கன அளவுக்கு வரும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வெளிப்பெட்டி 50, 48, 26 என்றால் 62,400 வருகிறது. வகுத்தால் 12.48, அதாவது பன்னிரண்டரைக் கிலோவுக்குக் காசு. கன்சோலின் எடை அதில் பாதிகூட வராது. அதற்காகச் சின்னப் பெட்டி பார்க்காதீர்கள்.

நாலுரோடு_கார்த்தி · வெள்ளி, இரவு 10:20

படுக்கவைத்து அனுப்பாதீங்க, உள்ளே லிக்விட் மெட்டல் இருக்கு, ஒழுகிடும்.

ராயக்கோட்டை_தேவகி · சனி, காலை 7:40

கம்பெனியே நிமிர்த்தியும் படுக்கவைத்தும் வைக்கலாம் என்று விற்கிறது. எந்தப் பக்கம் வைத்தால் நல்லது என்று சோல்டரிங் ஆட்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. எங்களிடம் அடிபட்டு வந்ததெல்லாம் மூலை இடித்தது, டிஸ்க் உள்ளேயே விட்டது, ஸ்டாண்டு ஸ்க்ரூ முட்டிப் பக்கவாட்டுத் தகடு உடைந்தது.

டிஸ்க்கை வெளியே எடுங்கள். அதற்குத் திரை தேவையில்லை, கன்சோல் ஆனில் இருக்கும்போது எஜெக்ட் பட்டன் போதும். ஸ்டாண்டு, கன்ட்ரோலர், கேபிள் எதுவும் அனுப்பவேண்டாம், கேட்டால் மட்டும் அனுப்புங்கள். கன்சோல் வந்த பெட்டியில் வைத்து, அதைவிடப் பெரிய பெட்டியில் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் பபிள் ஷீட் சுற்றி வையுங்கள். மூடிவிட்டு ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் மறுபடி பிரித்து அடைக்கணும். வளைந்த பின், சீரியல் எண், நான்கு மூலை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சீரியல் எண் முக்கியம். திரும்பி வருவது உங்களுடைய கன்சோலா, வேறா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

சர்வீஸ் கோரிக்கையில் உங்கள் போன் எண்ணையே கொடுங்கள். நாள் கணக்கு எங்கே நழுவும் தெரியுமா? எஸ்டிமேட் வந்து, நாம் சரி என்று சொல்கிற வரைக்கும் கன்சோல் அலமாரியில் சும்மா கிடக்கும்.

மாரண்டஹள்ளி_முரளி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:10

வந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியில் சித்தப்பா பையன் கன்சோலில் சேவ் திறந்தது, பையன் இரண்டு ஓவர் ஆடினான். அதன்பிறகு ரீசெட் செய்துவிட்டேன். திங்கள் அனுப்பினேன், வியாழன் எஸ்டிமேட் வந்தது. தேவகி சொல்லியும் கோரிக்கையை அப்பா போனில் போட்டிருந்தேன், என் தப்பு. அவர் மெசேஜே பார்க்கமாட்டார். நாலு நாள் கழித்து நானே எடுத்துப் பார்த்துத்தான் சரி சொன்னேன். மொத்தம் 17 நாள், அதில் நாலு நாள் என்னால் போனது. வாரன்டியில் வரவில்லை, காசு கட்டினேன்.

சீரியல் எண் வேறு. ஆக, வேறு கன்சோல்தான். உள்ளே காலி.

பையன் ஆன் செய்த உடனே விளையாட்டைத் திறக்கப் போனான். தடுத்துவிட்டேன், ஏதோ மனதில் பட்டது. சரிதானே தேவகி?

ராயக்கோட்டை_தேவகி · ஞாயிறு, மாலை 5:52

நல்லவேளை. புதுக் கன்சோலில் முதலில் விளையாட்டைத் திறந்தால் அது காலியாக ஒரு புது சேவ்-ஐ எழுதும். அப்புறம் கிளவுட்டில் இருப்பதா, இங்கே இருப்பதா என்று கேட்கும். அவசரத்தில் தப்பானதை அழுத்தினால் காலி சேவ் மேலே ஏறி ஆறு சீசனை அழித்துவிடும். முதலில் கணக்கில் உள்நுழைந்து, Saved Data (PS5)-க்குள் Cloud Storage போய், இறக்குங்கள். தேதியைப் பாருங்கள். அப்புறம் விளையாட்டு.

மாரண்டஹள்ளி_முரளி · ஞாயிறு, இரவு 8:30

இறங்கியது. ஏழாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. கேபிளைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டேன். Remote Play-ஐயும் ஆன் செய்துவிட்டேன், போர்வைக்குள் ஆடுவது வேண்டாம் என்று சொல்லித்தான்.

காவேரிப்பட்டணம்_ஷாகுல் · திங்கள், காலை 8:05

அக்கா, என் மச்சானுக்கும் அதே துளைதான் போய்விட்டது, ஆனால் Remote Play ஆன் செய்யவே இல்லை. ஹெட்போனைக் கன்ட்ரோலரில் செருகினால் மெனு சத்தம் மட்டும் கேட்கிறது. சத்தத்தை எண்ணியே Settings வரைக்கும் போய் ஆன் செய்ய முடியுமா?

ராயக்கோட்டை_தேவகி · திங்கள், காலை 8:44

அதே மெனு இருக்கிற இன்னொரு கன்சோலைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே மாதிரி அழுத்திக்கொண்டே போனவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பதிப்பு ஒன்றாக இருக்கணும், முகப்பில் இருக்கிற விளையாட்டு வரிசை குழப்பும். ஒரு அழுத்து தப்பினால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மச்சானுக்கு சேவ் வேண்டும் என்றால் கார்த்தி சொன்ன சோல்டரிங் கடைதான் எனக்கு நல்லதாகப் படுகிறது.

நாலுரோடு_கார்த்தி · திங்கள், காலை 8:46

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.